மிஞ்சிய சோற்றைக் கட்டிக் கொடுக்கும் முன்
கெடா கோயில் அன்னதானக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்



சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று பட்டணத்துக் கோயில்களில் சமைப்பவர்களும், தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி கோயில்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அண்டா ஏற்றுபவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்கள் சமையலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பந்தியில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுபவருக்கு உங்கள் கையால் ஒரு கெடுதலும் வராது. என் மனக்குறை எல்லாம் பந்தி முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

நடப்பதை நீங்களும் அறிவீர்கள். மத்தியானம் 2 மணிக்குக் கூட்டம் கலைகிறது. அண்டாவில் கால்வாசிச் சோறு நிற்கிறது. சாம்பார் ஒரு குண்டான், கூட்டு அரைக் குண்டான். எல்லோருக்கும் களைப்பு. கொஞ்சம் உட்கார்ந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவத் தொடங்கி, 4 மணி ஆகும்போதுதான் யாரோ ஒருவர், "வீணாப் போகக் கூடாதுப்பா, பேக் பண்ணிடுங்க" என்கிறார். உடனே பழுப்புத் தாள் வருகிறது, பிளாஸ்டிக் பை வருகிறது, ரப்பர் பேண்ட் வருகிறது. 5 மணிக்கு ஒரு வேன் பொட்டலங்களோடு கிளம்புகிறது.

அந்த வேன் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய லயங்களில் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட, தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு. தாமானில் படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்களுக்கு. தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்த உடல் நலமுள்ள மனிதர் வடித்து 3 மணி நேரம்கூட ஆகாத சோற்றைச் சாப்பிட்டார். நாளெல்லாம் கிடந்த சோறு, தாங்கும் சக்தி மிகக் குறைந்தவரின் தட்டுக்குப் போகிறது. கொடுக்கும் மனசில் குற்றமில்லை. கொடுக்கும் நேரத்தில்தான் குற்றம்.

"சூடு பண்ணிச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பீர்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் நான் உங்களோடு வாதாட வந்திருக்கிறேன். குழம்பைப் பொறுத்தவரை அது முக்கால்வாசி சரி. சோற்றைப் பொறுத்தவரை தவறு. இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருப்பதால்தான் தொல்லையே.

முதலில் சோறு. அரிசி மண்ணில் விளைவது. மண்ணில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி அரிசியோடு வீட்டுக்கு வருவது சகஜம், கழுவினாலும் முழுக்கப் போகாது. சத்துக் கிடைக்காமல் போனால் அது தன்னைச் சுற்றி ஒரு தடித்த ஓட்டைக் கட்டிக்கொண்டு, விதை மாதிரி உறங்கிப் போய்விடும். ஸ்போர் என்று சொல்வது இதைத்தான். உலை கொதிக்கும் 100 டிகிரியில் மற்றக் கிருமிகள் சாகும், இந்த ஸ்போர்களில் பல தப்பிவிடும். கொதியே அவற்றைத் தட்டி எழுப்பியும் விடுகிறது. சோறு வெந்து, ஈரமாக, மாவுச்சத்தோடு, போட்டி போட வேறு கிருமியும் இல்லாமல் ஆறத் தொடங்கும்போது, எழுந்த கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அது வேகமாகப் பெருகுவது 30 டிகிரியிலிருந்து 37 டிகிரி வரை. கெடாவில் மத்தியான நிழலின் வெப்பமே 30-க்கு மேல். நம் ஊரில் "ஆறிப்போன சோறு" என்றால், அந்தக் கிருமி கேட்ட சூட்டில் இருக்கிற சோறு என்று அர்த்தம்.

பெருகும்போது இந்தக் கிருமியின் சில வகைகள் செரியூலைட் என்ற நஞ்சைச் சோற்றுக்குள்ளேயே விட்டுவிடும். கிருமியைக் கொல்லலாம், இந்த நஞ்சைச் சமையலறைச் சூட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆய்வுக்கூடத்தில் 126 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் அது அழியவில்லை. உங்கள் வாணலி அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் நின்றால் சோறு கரியாகிவிடும். ஆக, மாலை வரை வெளியில் கிடந்த சோற்றை ராத்திரி எத்தனை முறை சூடு பண்ணினாலும், நஞ்சு உண்டாகியிருந்தால் உண்டானதுதான். அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. சோறு நூல் விட்டாலோ புளித்து நாறினாலோ ஊசிப்போச்சு என்று கொட்டிவிடுவோம். அது சரி. நூல் விடாத சோறு நல்ல சோறு என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையும் நமக்குப் பழக்கமான சமையலில்தான் தொடங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் பொரித்த சோறு சாப்பிட்டவர்கள் ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தார்கள், திரும்பத் திரும்ப, பல ஊர்களில். விசாரித்தால், உணவகங்கள் முதல் நாளே சோற்றை வேகவைத்து இரவு முழுக்க வெளியிலேயே வைத்திருந்தன. ஐஸ் பெட்டியில் வைத்தால் சோறு கட்டி தட்டி, மறுநாள் வாணலியில் உதிராது என்பது அவர்கள் கவலை. மறுநாள் பெரிய நெருப்பில்தான் பொரித்தார்கள். நெருப்பு உதவவில்லை. மிஞ்சிய சோற்றில் காலை நாசி கோரெங் கிளறும் நம் வீடுகளில் எத்தனை பேர் அந்தச் சோற்றை ராத்திரி எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறோம்?

பெரும்பாலும் இந்த வாந்தி ஒரு நாளில் நின்றுவிடும். அதனால்தான் யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை, "பித்தம்", "வெயில்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எல்லா முறையும் நிற்பதில்லை. 2008-இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், 5 நாள் முன்பு சமைத்து வெளியிலேயே வைத்திருந்த ஸ்பகெத்தியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே இறந்துபோனார். ஈரல் செயலிழந்திருந்தது. 5 நாள் என்பது அளவு மீறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அவர் ஊர் நம் ஊரைவிடக் குளிரான ஊர். வாலிபர். சூடாக்கியும் சாப்பிட்டார்.

இனிக் குழம்பு. முனியாண்டி கோயில் படையலில் ஆட்டுக்கறி வைக்கிறீர்கள், பெரிய அண்டாவில். சைவமானால் பருப்புச் சாம்பார். இவற்றில், அதுவும் இறைச்சிக் குழம்பில், வேறொரு கிருமி விளையாடும். அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ். அதுவும் ஸ்போர் கட்டிக் கொதியைத் தாண்டும். காற்று புகாத, கெட்டியான, ஆழமான குழம்பு அதற்குப் பிடிக்கும். 43-லிருந்து 47 டிகிரி வரை அது பெருகும் வேகம் பயப்படும்படியானது, சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அண்டாக் குழம்பை மூடி போட்டு அப்படியே விட்டால் ராத்திரி 10 மணிக்கும் நடுவில் வெதுவெதுப்பாக இருக்குமல்லவா? அந்த வெதுவெதுப்புதான் அது.

ஆனால் இந்தக் கிருமி குழம்பில் நஞ்சை முன்கூட்டியே தயாரித்து வைப்பதில்லை. ஏராளமான உயிருள்ள கிருமியை நாம் விழுங்கி, அது குடலுக்குப் போன பிறகுதான் நஞ்சு உண்டாகிறது. எனவே சாப்பிடும் முன் குழம்பு முழுவதும் தளதளவென்று கொதித்தால் பெருகியிருந்த கிருமிகள் செத்துப்போகும். நம் பாட்டிமார் ராத்திரி குழம்பைச் சுண்டவைத்து, காலையில் மறுபடி கொதிக்கவைத்த பழக்கத்தில் இந்த நியாயம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சோற்றுக்கும் சேர்த்து நீட்டியதுதான் நாம் செய்த பிசகு. அது பாட்டிமார் செய்ததும் அல்ல. அவர்கள் மிஞ்சிய சோற்றைச் சூடு பண்ணவே இல்லை, தண்ணீர் ஊற்றினார்கள்.

பழைய சோற்றைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடியுமுன் பால்மரம் வெட்டப் போன ஒரு தலைமுறை நீச்சோறும் வெங்காயமும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தது. சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தால், நல்ல புளிப்புக் கிருமிகள் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் செரியஸால் நன்றாக வளர முடியாது. தினமும் அதே சட்டி, அதே பழக்கம், அன்று ராத்திரி ஆக்கிய புதுச் சோறு என்பதால் அது வேலை செய்தது. நாள் முழுக்க அண்டாவில் கிடந்து, பொட்டலத்தில் போய், ராத்திரி 9 மணிக்குத் தண்ணீர் பார்க்கும் சோறு பழைய சோறு ஆகாது. நஞ்சு உண்டாகிவிட்டால் புளிப்பு அதை எடுக்காது. புளியோதரை கட்டுச்சோறாகத் தாங்குவதற்கும் இதே புளிப்புதான் காரணம், எண்ணெயும் உப்பும் கூட நிற்கின்றன. ஆனால் பேருக்குப் புளித்தண்ணீர் தெளித்து மஞ்சளாக்கிய சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. இன்றைய அன்னதானப் புளிச்சோறு பலவும் அந்த ரகம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நம் வேனில் போன ஒரு பொட்டலத்தின் கணக்கைப் பார்ப்போம். சோறு வடித்தது காலை 9.30. அதைக் கூடையில் கொட்டி, துணி போட்டு மூடி, 12 மணிப் பந்திக்கு வைத்தீர்கள். அதுவரை பாதகமில்லை, நடுவில் இன்னும் ஆவி பறக்கும் சூடு இருக்கும். 60 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை இந்தக் கிருமிகள் பெருகாது. பந்தி தொடங்கியதும் துணி திறக்கிறது, கரண்டி போய் வருகிறது, ஓரத்துச் சோறு ஆறுகிறது. 2 மணிக்கு ஓரம் வெதுவெதுப்பு, நடு மட்டும் சூடு. 4 மணிக்குப் பொட்டலம் கட்டும்போது கைக்கு இதமாக இருக்கிறது. கைக்கு இதம் என்றால் 40 டிகிரிப் பக்கம். 100 பொட்டலங்களை ஓர் அட்டைப் பெட்டியில் நெருக்கி அடுக்குகிறீர்கள். அடுக்கியதும் அவை தனித்தனிப் பொட்டலங்கள் அல்ல, மறுபடியும் ஓர் அண்டா. பெட்டியின் நடுவில் உள்ளவை மாலை வரை அதே இதத்தில் இருக்கும். 5.30-க்கு லயத்துக்கு வருகிறது. பாட்டி 8 மணிக்குப் பாதி சாப்பிடுகிறார். வடித்து பத்தரை மணி நேரம். மீதியை மூடி வைத்து மறுநாள் காலை 7 மணிக்குச் சூடாக்குகிறார். இருபத்தொன்றரை மணி நேரம். அவர் வீட்டு ஐஸ் பெட்டி வேலை செய்கிறதா என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

மலேசிய சுகாதார அமைச்சு பள்ளிகளுக்கும் விருந்துச் சமையல்காரர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான், சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நம் கணக்கில் அந்த 4 மணி நேரம் பொட்டலம் கட்டத் தொடங்கும் முன்பே தீர்ந்துவிட்டது.

கெடாவுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2013-இல் நம் மாநிலத்தில் ஒரு கல்யாண விருந்தில் கோழிக்கறி சாப்பிட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். 2018 அக்டோபரில் பாலிங்கில் லக்சா சாப்பிட்டு 2 பேர் இறந்தார்கள், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பாலிங்கில் பிடிபட்டது சால்மொனெல்லா, நான் மேலே சொன்ன இரண்டும் அல்ல. அது கொதியில் செத்துவிடும் கிருமி. பொதுவாக, சரியாக வேகாத உணவிலோ, வெந்த பிறகு பச்சைக் கறி பட்ட கையும் கத்தியும் பலகையும் தொட்ட உணவிலோ சேர்ந்து, வெளியில் கிடக்கும் நேரத்தில் பெருகும். கிருமி வேறு, எல்லாக் கிருமிக்கும் வேண்டியது வெளியில் கிடக்கும் அந்த நேரம்.

சரி, என்ன செய்யலாம்? சோற்றை வீணாக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பொட்டலம் கட்டும் முடிவை 4 மணியிலிருந்து 12.30-க்குக் கொண்டுவாருங்கள் என்கிறேன். முதல் இரண்டு பந்தியைப் பார்த்தாலே அனுபவமுள்ளவருக்குக் கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்போதே, திறக்காத கூடையில் சோறு ஆவி பறக்க இருக்கும்போதே, லயத்துக்கும் தாமானுக்கும் போக வேண்டியதைக் கட்டி அனுப்பிவிடுங்கள். பாட்டி 1 மணிக்குச் சுடச்சுடச் சாப்பிடட்டும். கோயிலுக்கு வர முடியாதவருக்கு மிச்சம் போகாமல் முதல் பங்கு போகட்டும். இதற்கு ஒரு காசு கூடுதல் செலவு இல்லை, வேன்காரர் மட்டும் தன் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

சோற்றை ஒரே தடவையாக 9.30-க்கு வடிக்காமல் பாதியை 9.30-க்கும் மீதியை 11.30-க்கும் வடிக்கப் பாருங்கள். இரண்டாவது உலைக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து அளவைக் குறைக்கலாம். மிஞ்சுவதே குறையும்.

அப்படியும் சோறு மிஞ்சினால், வைத்துக்கொள்ள நினைத்தால், அகலப்படுத்துங்கள். சோற்றின் ஆழம் இரட்டிப்பானால் நடு ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அரை அடி ஆழக் கூடையில் மாலை வரை ஆறாத சோறு, சுத்தமான தட்டத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி மின்விசிறியைப் போட்டால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், நம் ஊர்க் காற்று அதை 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாது. 30 டிகிரி என்பது அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். ஆகவே விசிறி பாதி வழிதான், அடுத்த பாதிக்கு ஐஸ் பெட்டி வேண்டும். வடித்து ஒரு மணி நேரத்துக்குள் சோறு ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது பிரிட்டனின் உணவுத் தரக் கழகம் சொல்லும் அளவு. பந்தியில் திறந்து கிடந்த சோற்றுக்கு அந்தக் கணக்குக்கூட இடம் கொடுக்காது, அதைப் பரப்பி ஆறவைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். இது திறக்காத, சூடு குறையாத சோற்றுக்கு மட்டும். கோயிலில் பெரிய ஐஸ் பெட்டி இல்லையென்றால் மிஞ்சிய சோற்றை வைக்கும் யோசனையே வேண்டாம்.

குழம்புக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. அண்டாவை அப்படியே மூடி வைக்காமல் நாலைந்து சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். பெரிய பேசினில் தண்ணீரும் கடையில் வாங்கும் ஐஸும் போட்டு அதில் பாத்திரத்தை இறக்கிக் கிளறிக்கொண்டே இருந்தால் சூடு சட்டென்று இறங்கும். ஐஸ் பாத்திரத்துக்கு வெளியேதான், குழம்புக்குள் அல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டு, பைகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிளாஸ்டிக்குக்கும் கேடு, குழம்புக்கும் கேடு. தேங்காய்ப்பால் ஊற்றிய கறியும் தேங்காய்ச் சட்னியும் மிஞ்சினால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே தீர வேண்டியவை.

பொட்டலம் வாங்கும் வீட்டாருக்கு நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், கிளினிக்கில் ஒட்டிய தாளை யாரும் படிப்பதில்லை. சோறானால் வந்ததும் சாப்பிடுங்கள், ராத்திரிக்கென்று வெளியில் மூடி வைக்காதீர்கள். வீட்டில் ஆக்கிய சோறு மிஞ்சினால் சாப்பிட்டு முடித்த கையோடு தட்டையான டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஆவி அடங்கினால் போதும். மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, நடுவில் ஒருமுறை கிளறி, எல்லா இடத்திலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் ஓரத்தைக் கொதிக்கவிட்டு நடுவைக் குளிராக விட்டுவிடும், அதனால்தான் கிளறச் சொல்வது. சாம்பாரும் இறைச்சிக் குழம்பும் உள்ளே 4 டிகிரிப் பக்கம் குளிர்ந்திருக்கும் ஐஸ் பெட்டியில் 3 நாள் தாங்கும். டப்பா முழுவதையும் தினமும் சூடாக்கி மறுபடி உள்ளே வைக்காமல் அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். சூடாக்கியதில் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும்.

ரைஸ் குக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடி திறக்காமல் 'வார்ம்' விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை சோறு பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல் இருக்கும், அன்றைக்குள் சாப்பிட்டால் பயமில்லை. மின்சாரக் கட்டணத்தை நினைத்துச் சுவிட்சை அணைத்து, சோற்றைக் குக்கரிலேயே ராத்திரி முழுக்க விடுகிறார்களே, அதுதான் மோசம். தடித்த சட்டியும் இறுக்கமான மூடியும் சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே வைத்திருக்கும்.

யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் நேரத்தைக் கேளுங்கள், எதைச் சாப்பிட்டார் என்று ஓரளவு பிடிபடும். சாப்பிட்டு அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் சோற்றுப் பக்கம் சந்தேகப்படலாம். 8 மணி நேரம் கழித்து, அல்லது மறுநாள் காலை, வயிற்றைப் பிசைந்து வெளியே போனால் குழம்புப் பக்கம். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் சால்மொனெல்லாவாக இருக்கலாம். வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, ஆள் மயங்கிக் கிடக்கிறார், கண் மஞ்சளாகிறது, இரத்தம் போகிறது, இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குழந்தைக்கும் வயதானவருக்கும் கர்ப்பிணிக்கும் இதற்கு முன்பே போக வேண்டும். பிரசாதத்தின் மேல் பழி வரக் கூடாது என்று சொல்லாமல் மறைக்காதீர்கள். கோயில் பெயர் கெடும் என்று பயந்து, அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்பதையே மருத்துவரிடம் சொல்லாத வீட்டை எனக்குத் தெரியும்.

"இத்தனை வருஷம் கொடுத்தோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். ராத்திரி 11 மணிக்கு லயத்தில் ஒரு பாட்டி வாந்தி எடுத்தால் அந்தச் செய்தி கோயில் குழுவுக்கு எப்படி வரும்? காலையில் அவர் வெற்றிலை மென்றுகொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். பொட்டலம் கொடுத்த உங்கள் முகத்தைப் பார்த்து அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் நான் கேட்பதை எடுத்துப் பேசுங்கள். கறுப்பு மார்க்கர் பேனா ஒன்று வாங்குங்கள். உணவில் குத்திப் பார்க்கும் சூடுமானி 50 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு உலை வடிக்கும்போதும் நேரத்தைச் சுவரில் எழுதுங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அதே நேரத்தை எழுதி, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். வடித்து 4 மணி நேரம் தாண்டிய சோறு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு உதிரியாக இருந்தாலும் யாருக்கும் கட்டிக் கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். கரண்டி பிடிக்கும் வேலை எதுவும் அவருக்கு வேண்டாம். சோற்றுக்கு இன்னார், சாம்பாருக்கு இன்னார், பந்திக்கு இன்னார் என்று நோட்டீஸ் பலகையில் எழுதுவீர்களே, அந்தப் பட்டியலில் 'நேரத்துக்கு' என்று ஒரு வரி சேர்த்து அவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.